கூட வேலை பார்த்தவர் இறந்துவிட்டால் நிர்வாகம் குழுவுக்கு என்ன எழுத வேண்டும்?

மதுரைப் பக்கம் பதினான்கு வருடமாக எச்.ஆர். வேலையில் இருக்கிறேன். இதுவரை ஒன்பது முறை இந்தச் செய்தியை எழுதியிருக்கிறேன். முதல் தடவை எழுதியதை இப்போது எடுத்துப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது. அதனால், புதிதாக எச்.ஆரில் சேர்ந்தவர்கள், சூப்பர்வைசராகப் பொறுப்பேற்றவர்கள், சின்ன கம்பெனி நடத்துகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். திடீரென்று ஒரு நாள் விடியற்காலையில் போன் வரும். அப்போது உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது.

முதலில், இது எந்தச் செய்தி என்று தெளிவாகிவிடட்டும். ஒருவர் இறந்தால் கம்பெனியிலிருந்து மூன்று விதமாக எழுத்து போகும். ஒன்று, குடும்பத்துக்கு எழுதும் ஆறுதல் கடிதம். இரண்டாவது, நம் ஊரில் எல்லாச் சுவரிலும் பார்க்கிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பேப்பர் விளம்பரம், ஃபிளெக்ஸ். மூன்றாவது, அவரோடு தினமும் வேலை பார்த்தவர்களுக்கு நிர்வாகம் சொல்கிற செய்தி. நான் பேசுவது இந்த மூன்றாவதைப் பற்றி. பலர் செய்கிற தப்பு, போஸ்டர் வாசகத்தை எடுத்து இதில் போட்டுவிடுவது. "ஈடுசெய்ய முடியாத பேரிழப்பு, ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று நாலு வரி எழுதிக் கீழே நிர்வாகம் என்று போட்டால், போஸ்டருக்கு அது போதும், ஏனென்றால் போஸ்டர் ஊருக்குச் சொல்வது. குழுவில் இருப்பவருக்கு அது போதாது. நேற்று சாயந்திரம் கூட அவரோடு டீ குடித்தவர் அதைப் படித்தவுடன் கேட்கிற முதல் கேள்வி, "எப்போ எடுக்கிறாங்க?" என்பதுதான். அதற்குப் பதில் அந்தச் செய்தியில் இல்லையென்றால் அவர் பத்துப் பேருக்குப் போன் போடுவார், கடைசியில் இறந்தவர் வீட்டுக்கே போடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன் நடந்த ஒன்றை அப்படியே சொல்கிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன். கப்பலூர் பக்கம் ஒரு ஆலை, இரண்டு ஷிப்ட், சுமார் நூற்றிருபது பேர். ஸ்டோர்ஸ் பொறுப்பாளராக இருந்த அண்ணனுக்கு வயது 51, பதினேழு வருட சர்வீஸ். சனிக்கிழமை இரவு திருமங்கலத்தில் வீட்டில் இருக்கும்போது நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்துவிட்டது. ஞாயிறு அதிகாலை நாலு மணிக்கு அவருடைய மைத்துனர் ஷிப்ட் சூப்பர்வைசருக்குச் சொன்னார், சூப்பர்வைசர் எனக்குச் சொன்னார்.

அந்த நேரத்தில் கை தானாக வாட்ஸ்அப் பக்கம் போகும். அதை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும். நான் முதலில் மைத்துனருக்குப் போன் செய்தேன். மூன்று விஷயம் கேட்டேன். கம்பெனியில் எல்லாருக்கும் சொல்லலாமா, வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கும் சொந்தங்களுக்கும் தகவல் போய்விட்டதா, உடல் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு எடுப்பதாக இருக்கிறார்கள். இரண்டாவது கேள்விதான் ரொம்ப முக்கியம். அவருடைய மகள் கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கிளம்பி வா" என்று மட்டும் சொல்லி பஸ் ஏற்றியிருந்தார்கள். பஸ்ஸில் தனியாக வருகிற பிள்ளை, அப்பா செத்துப்போனதை நம் கம்பெனி குரூப்பிலிருந்து சுற்றிவந்த ஒரு மெசேஜில் பார்த்தால்? அதனால் மகள் வீடு வந்து சேர்ந்தபிறகுதான் பொதுவில் அனுப்புவது என்று முடிவு செய்தோம். ஏழரை மணிக்கு மைத்துனரே கூப்பிட்டு, "பிள்ளை வந்துட்டா, இனிமே சொல்லிக்கங்க" என்றார்.

அதற்குள் சும்மா இருக்கவும் இல்லை. இரவு ஷிப்ட் ஆறு மணிக்கு முடியும். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் மத்தியானம்தான் எழுந்து பார்ப்பார்கள், முகம் பார்க்கிற வாய்ப்பே போய்விடும். அதனால் ஆலை மேலாளர் ஐந்தே முக்காலுக்கே கேட்டுக்கு வந்து, வெளியே வருகிறவர்களை நிறுத்தி வாயால் சொன்னார், இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு யாரும் போனில் போட வேண்டாம் என்றும் காரணத்தோடு கேட்டுக்கொண்டார். அப்புறம் ஸ்டோர்ஸில் அவரோடு உட்கார்ந்து வேலை பார்த்த மூன்று பேருக்குத் தனித்தனியாகப் போன். அதில் ஒரு தம்பிக்கு அவர்தான் வேலையே வாங்கிக் கொடுத்தவர். அந்தத் தம்பி குரூப் மெசேஜைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. நெருங்கினவர்களுக்குக் குரல், மற்றவர்களுக்கு எழுத்து என்பதை மட்டும் நான் எப்போதும் மாற்றுவதில்லை.

ஏழே முக்காலுக்குப் போன செய்தி இது.

"நம் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் அண்ணன் (முழுப்பெயர், எல்லாரும் கூப்பிடும் பெயர்) நேற்று, சனிக்கிழமை இரவு காலமானார்.

பதினேழு வருடமாக நம்மோடு இருந்தவர். எந்த ரேக்கில் எந்த சைஸ் போல்ட் இருக்கிறது என்று ரிஜிஸ்டரைப் பார்க்காமலே சொல்வார். இரவு ஷிப்ட்டில் மெஷின் நின்றால், வீட்டிலிருந்தே போனில் பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லி, கைக்கு வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பார்.

உடல் திருமங்கலத்தில் அவர் வீட்டில் இருக்கிறது. இன்று மாலை 4 மணிக்கு எடுப்பதாக வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். நேரம் மாறினால் இங்கேயே தெரிவிக்கிறோம். கம்பெனி வேன் மதியம் 1.30 மணிக்குக் கேட்டிலிருந்து கிளம்பும், இரவு 7 மணிக்குள் திரும்பும்.

நாளை காலை ஷிப்ட் 8 மணிக்குப் பதில் 9 மணிக்குத் தொடங்கும். 8.30க்கு ஸ்டோர்ஸ் முன்னால் எல்லாரும் கூடுவோம். நாளை வேலைக்கு வர முடியாத நிலையில் இருப்பவர்கள் உங்கள் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சம்பளம் பிடிக்க மாட்டோம்.

வீட்டாருக்கு இன்று போன் செய்ய வேண்டாம். எது கேட்பதாக இருந்தாலும் எச்.ஆரிடம் கேளுங்கள்.

(பெயர்), ஆலை மேலாளர்"

இதில் ஒவ்வொரு வரிக்கும் காரணம் இருக்கிறது. பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரிக்கார்டில் இருக்கிற பெயர் ஒன்று, ஆலையில் கூப்பிடுகிற பெயர் வேறு. நம் பக்கம் பாண்டி என்று மட்டும் போட்டால் ஒரு ஷிப்ட்டிலேயே நாலு பேர் இருப்பார்கள். நான் முன்னால் வேலை பார்த்த ஒரு இடத்தில் இப்படித்தான் வெறும் பெயரை மட்டும் போட்டு மெசேஜ் போய்விட்டது. அதே பெயருள்ள இன்னொருவர் வீட்டுக்கு மூன்று பேர் போன் போட்டு, போனை எடுத்த அவர் மனைவி பதறி அழ ஆரம்பித்துவிட்டார். ஆள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான் முழுப்பெயர், கூப்பிடும் பெயர், பிரிவு மூன்றையும் சேர்த்துத்தான் போடுகிறேன்.

அடுத்து "காலமானார்" என்ற சொல். தமிழில் இறப்பைச் சொல்ல எத்தனையோ சொல் இருக்கிறது, ஆனால் பாதிச் சொல்லுக்குள் மதமோ நம்பிக்கையோ இருக்கிறது. சிவலோக பதவி என்றால் ஒரு குடும்பம், கர்த்தருக்குள் நித்திரை என்றால் ஒரு குடும்பம், வஃபாத் என்றால் ஒரு குடும்பம். இறைவனடி சேர்ந்தார் என்பது பொதுச் சொல் மாதிரித் தெரியும், ஆனால் கடவுள் மறுப்பாளராகவே வாழ்ந்தவருக்கு அதைப் போட்டால் அவர் பிள்ளைகளுக்குச் சுருக்கென்று இருக்கும். இயற்கை எய்தினார் என்பதை வயதானவருக்குப் போடலாம், முப்பது வயதில் பைக்கில் போய் அடிபட்டவருக்குப் போட்டால் பொருந்தாது. உயிரிழந்தார் என்றால் செய்தித்தாள் வாடை. காலமானார் யாருக்கும் பொருந்தும். குடும்பமே ஒரு சொல்லைப் பயன்படுத்தினால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இதே காரணத்துக்காகத்தான் விளக்கு, மாலை, சிலுவை போட்ட ரெடிமேட் படங்களை நான் சேர்ப்பதில்லை. போட்டோ வேண்டுமென்றால் வீட்டாரிடம் கேட்டு அவர்கள் கொடுக்கிற ஒன்றைப் போடலாம், ஐடி கார்டு போட்டோவை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

எப்படி இறந்தார் என்பது அந்தச் செய்தியில் இல்லை, கவனித்தீர்களா? நெஞ்சு வலி என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் போடவில்லை, ஏனென்றால் அதைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை வீட்டாருக்குத்தான். அவர்கள் சரி என்றால் "மாரடைப்பால்" என்று ஒரு சொல் சேர்த்தால் தப்பில்லை, வதந்தி குறையும். தற்கொலையாக இருந்தால் விஷயமே வேறு. எப்படி, எங்கே, எதனால் என்று ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது, "கோழைத்தனமான முடிவு" மாதிரி தீர்ப்பும் கூடாது, "இனியாவது நிம்மதியாக இருக்கட்டும்" மாதிரி வாசகமும் கூடாது. அதே மன உளைச்சலில் இன்னொருவர் குழுவிலேயே இருக்கக்கூடும், அவருக்கு அது ஒரு வழியைக் காட்டின மாதிரி ஆகிவிடும். குடும்பம் காரணத்தை மறைக்க விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், யாரிடம் பேசலாம் என்ற வரியை மட்டும் அவசியம் சேர்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இரண்டும் இலவசம். வேலை நேரத்தில், வேலை பார்க்கும் இடத்தில் விபத்து நடந்து இறந்திருந்தால் அதற்குப் போலீஸ், தொழிலகப் பாதுகாப்புத் துறை என்று தனி நடைமுறை உண்டு. அந்தச் செய்தியில் "அவருடைய கவனக்குறைவால்" என்றோ "எதிர்பாராத விதமாக" என்றோ விசாரணைக்கு முன்பே எழுதிவிடாதீர்கள். நடந்தது, எந்த மெஷின் நிறுத்தப்பட்டிருக்கிறது, யார் விசாரிக்கிறார்கள், அவ்வளவு போதும்.

இப்போது அந்த போல்ட் வரிக்கு வருகிறேன். நிர்வாகம் எழுதுகிற இரங்கலில் பாதிக்குமேல் "கடமை உணர்வு மிக்கவர், அனைவரிடமும் அன்பாகப் பழகக்கூடியவர்" என்றுதான் இருக்கும். அதை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், அதனால் அது யாரைப் பற்றியும் இல்லை. அவரைத் தெரியாத ஒருவரால் எழுத முடியாத ஒரு விஷயம் செய்தியில் இருக்க வேண்டும். ஆலை மேலாளருக்கு அது தெரிந்திருக்காது, எனக்கும் தெரியாது. ஸ்டோர்ஸ் தம்பிக்குப் போன் செய்தபோது, அழுது முடித்தபிறகு, "அண்ணனைப் பத்தி ரெண்டு வரி எழுதணும்பா, உனக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டேன். அவன் சொன்னதுதான் ராத்திரி போன் விஷயம். அந்த வரியைப் படித்துவிட்டு, இரவு ஷிப்ட்டில் இருக்கிற ஒரு மெஷின் ஆபரேட்டர், "நேத்து இல்ல, முந்தாநேத்து ராத்திரிகூட எனக்குச் சொன்னாருங்க" என்று என்னிடம் சொன்னார். ஒரு எச்சரிக்கையும் உண்டு. உயர்வாகச் சொல்கிறேன் என்று லீவே எடுக்காதவர், உடம்பு சரியில்லாதபோதும் வேலைக்கு வந்தவர் என்று எழுதிவிடாதீர்கள். 51 வயதில் நெஞ்சு வலியில் போனவரைப் பற்றி அப்படி எழுதினால், அவர் மனைவி அதை எப்படிப் படிப்பார்?

அவர் மனைவி படிப்பார். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அவருடைய நம்பர் இன்னும் கம்பெனி குரூப்பில்தான் இருக்கிறது, அவர் போன் வீட்டில் டிவி பக்கத்தில் கிடக்கிறது, மெசேஜ் வர வர ஒளிர்ந்துகொண்டே இருக்கிறது. மகளோ மகனோ எடுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் குழுவுக்கு எழுதுவது குடும்பத்தின் கையிலும் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள்.

அதனால்தான் வேலை பற்றிய வரியை அந்த முதல் செய்தியில் சேர்க்கவில்லை. இதில் எனக்கே ஒரு பழைய உறுத்தல் இருக்கிறது. நான் முதல் முறை எழுதிய செய்தியின் கடைசி வரி, "அவரது நிலுவையில் உள்ள ஆர்டர்களுக்கு இன்று முதல் இன்னாரைத் தொடர்புகொள்ளவும்." அன்றைக்கு அது பொறுப்பான வரியாகத்தான் தோன்றியது. கருமாதிக்குப் போனபோது அவருடைய தம்பி என்னிடம் கோபமே இல்லாமல் சொன்னார், "அண்ணனை எடுக்கிறதுக்குள்ள அவர் இடத்துக்கு ஆள் போட்டுட்டீங்களே சார்." நான் பதில் சொல்லவில்லை. ஸ்டோர்ஸ் அண்ணன் விஷயத்தில் வேலை நின்றுவிடும் ஆபத்து நிஜமாகவே இருந்தது, ஸ்டோர்ஸ் சாவிக்கொத்து அவர் வீட்டில் இருந்தது. சாவி கேட்டு யாரும் அந்த வீட்டு வாசலுக்குப் போகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஆபீஸ் லாக்கரில் இருந்த டூப்ளிகேட்டை எடுத்து, யார் பொருள் கொடுப்பது என்பதைச் சூப்பர்வைசர்கள் நாலு பேருக்கு மட்டும் தனியாகச் சொன்னோம். மற்றவர்களுக்குத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வாயால் சொன்னது போதுமானதாக இருந்தது.

லீவு பற்றிய வரி எழுதும்போது தெளிவாக எழுத வேண்டும். "விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம்" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. போனால் சம்பளம் பிடிப்பார்களா, ஷிப்ட்டை யார் பார்ப்பது, கான்ட்ராக்ட் ஆட்களும் போகலாமா? ஞாயிறாக இருந்ததால் எங்களுக்கு ஷிப்ட் பிரச்சினை இல்லை. வேலை நாளாக இருந்தால் பாய்லர், செக்யூரிட்டி மாதிரி நிறுத்த முடியாத இடங்களில் யார் இருக்க வேண்டும் என்று பெயர் போட்டுச் சொல்லி, அவர்களுக்கு அடுத்த நாள் துக்கம் கேட்கப் போக நேரம் கொடுத்துவிட வேண்டும். நம் ஊரில் கேதத்துக்குப் போகாமல் இருப்பது பல வருடம் மனதில் நிற்கும் விஷயம், போக விடாத கம்பெனியையும் யாரும் மறப்பதில்லை. "4 மணி" என்று போடும்போது "வீட்டார் சொல்லியிருக்கிறார்கள், மாறினால் தெரிவிக்கிறோம்" என்று சேர்த்ததற்கும் காரணம் இருக்கிறது. வெளியூர்ச் சொந்தம் வரத் தாமதமானால் நேரம் தள்ளும், இருட்டிவிடும் என்று பெரியவர்கள் சொன்னால் முன்னாலும் வரும். அன்றைக்கு மூன்றரைக்கே எடுத்துவிட்டார்கள். ஒன்றே காலுக்கே மைத்துனர் சொல்லிவிட்டதால் வேன் முன்கூட்டிக் கிளம்பியது.

பணம் பற்றி முதல் செய்தியில் ஒரு வரியும் வேண்டாம். ஆனால் குழுவில் எல்லாரும் கேட்பார்கள், அதனால் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கிராஜுவிட்டிக்கு ஐந்து வருட சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனை இறந்தவருக்குப் பொருந்தாது, இரண்டு வருடமே வேலை பார்த்திருந்தாலும் குடும்பத்துக்கு உண்டு. பி.எஃப். உறுப்பினராக இருந்து வேலையில் இருக்கும்போது இறந்தால் அதோடு சேர்ந்த காப்பீடு உண்டு, இ.டி.எல்.ஐ. என்பார்கள், அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை, அதற்குத் தொழிலாளி சம்பளத்தில் தனியாகப் பிடிப்பது கிடையாது. இதையெல்லாம் நாலைந்து நாள் கழித்து நேரில் போய், நாமினி யார் என்று பார்த்துவிட்டு, மனைவியிடம் நிதானமாகச் சொல்வதுதான் முறை. ஆலையில் வசூல் செய்வதாக இருந்தால் அதைத் தொழிலாளர்களே செய்யட்டும். "அனைவரின் ஒரு நாள் சம்பளம் பிடிக்கப்படும்" என்று இரங்கல் செய்தியிலேயே நிர்வாகம் அறிவிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எழுத்தில் சம்மதம் வாங்காமல் அப்படிப் பிடிக்கக் கூடாது, கொடுக்க நினைத்தவருக்கும் அதில் மனசு கசந்துவிடும்.

முடிக்கும் விதம். ஆபீஸ் கடிதம் என்றாலே "நன்றி, வணக்கம்" என்று கை தானாக எழுதிவிடும். துக்க வீட்டில் போயிட்டு வர்றேன் என்று யாரும் சொல்வதில்லை, எழுந்து அப்படியே வந்துவிடுவோம். இந்தச் செய்தியும் அப்படியே நிற்கட்டும். கீழே ஒரு மனிதரின் பெயர் இருக்க வேண்டும், "நிர்வாகம்" என்று மட்டும் இருந்தால் அனுப்பியது யாரென்றே தெரியாது. மின்னஞ்சலில் அனுப்பினால் கையெழுத்துக்குக் கீழே தானாக வரும் தீபாவளி பேனரை எடுத்துவிட்டீர்களா என்று ஒரு தடவை பாருங்கள்.

அனுப்பியபிறகு செய்ய வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. வருகைப் பதிவு சாஃப்ட்வேரில் அவர் பெயர் அப்படியே இருந்தால், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு "இன்று நீங்கள் வேலைக்கு வரவில்லை" என்று அவர் போனுக்கு எஸ்.எம்.எஸ். போகும். பிறந்தநாள் வந்தால் வாழ்த்தும் போகும், குரூப்பிலேயே போகும். அதைப் பார்க்கிற ஆளிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமையே தானாகப் போகும் மெசேஜ்களை மட்டும் நிறுத்தச் சொன்னேன், கணக்கை அழிக்க வேண்டாம், பி.எஃப். வேலைக்கெல்லாம் அது வேண்டும். அவர் நம்பரை வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நாங்கள் எடுக்கவில்லை, எடுத்தால் யார் யாரை நீக்கினார் என்று குரூப்பில் வரி விழும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று சாயந்திரம், அந்த நம்பரிலிருந்து மகள் ஒரு மெசேஜ் போட்டாள். அப்பாவின் கண்ணாடி ஸ்டோர்ஸ் டிராயரில் இருக்கும், யாராவது எடுத்து வைக்க முடியுமா மாமா என்று கேட்டிருந்தாள். தம்பி அன்றைக்கே பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான்.